ஆவணி பிறந்தால் திரும்பி வரும் தேமல்

"வயது 26. அம்மாப்பேட்டையில் விசைத்தறிப் பட்டறையில் வேலை. மூணு வருஷமா நெஞ்சிலயும் முதுகிலயும் வெளுத்த தேமல், தோள்பட்டைப் பக்கம் மட்டும் பழுப்பா இருக்கு. மருந்து போட்டா மாசி, பங்குனியில மங்குது. ஆவணி, புரட்டாசியில திரும்ப வருது. அண்ணன் ஏற்காட்டுல எஸ்டேட் வேலை, அவனுக்கு இல்ல. அங்கதான ஈரம் அதிகம்? என் ரத்தத்துல ஏதாவது கோளாறா? தை மாசம் கல்யாணம், அதுக்குள்ள போயிடுமா டாக்டர்?"

ரத்தத்தில் கோளாறு எதுவும் இல்லை, தம்பி. சேலத்தில் 20 வருடத்துக்கும் மேலாகத் தோல் நோய் பார்க்கிறேன். ஆடி கழிந்தால் இதே கேள்வியோடு வருகிறவர்கள் ஒவ்வொரு நாளும் உண்டு. முக்கால்வாசிப் பேர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையோடு எடுத்து வருவார்கள். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இருப்பதில்லை.

தேமலை உண்டாக்குவது மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை. இது வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்ததல்ல. உங்கள் அண்ணன் தோலிலும் இருக்கிறது, என் தோலிலும் இருக்கிறது. பருவ வயதில் தோலில் எண்ணெய்ச் சுரப்பு கூடும்போது நெஞ்சு, முதுகு, தோள், தலை என்று எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்த இடங்களில் குடியேறி, பெரியவர்கள் ஏறக்குறைய எல்லோரிடமும் வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். சாப்பாடு நம் தோலின் எண்ணெய்தான். தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே செய்துகொள்ள இதற்குத் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் இதை வளர்க்க வேண்டுமென்றால் சத்துக்கூழின் மேல் கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள், இல்லாவிட்டால் வளராது. இதை நினைவில் வையுங்கள், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு வரும்போது தேவைப்படும்.

சாதாரண நாட்களில் இது உருண்டை உருண்டையாக, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் மயிர்க்கால்களின் வாயில் கிடக்கும். தோல் சூடாகவும் ஈரமாகவும் பல மணி நேரம் இருந்தால் உருண்டையிலிருந்து குட்டைக் குட்டையாக நூல் விட ஆரம்பிக்கும். நூல் விட்ட பூஞ்சைதான் தோலின் மேலேயுள்ள செத்த அடுக்கில் பரவித் தேமலாகிறது. சுரண்டிய பொடியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, சில நிமிடம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் சேர்ந்தே தெரியும். இங்கிலீஷ் புத்தகங்கள் இதை ஏதோ இத்தாலியச் சாப்பாட்டோடு ஒப்பிடுகின்றன. ஜவ்வரிசி ஆலைகள் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு அதெல்லாம் எதற்கு? நொறுக்கிய சேமியாவும் கொத்துக் கொத்தாக ஜவ்வரிசியும் போட்ட பாயசம் மாதிரி இருக்கும். ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

இப்போது உங்கள் அண்ணன் விஷயம். நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். பனியும் மூட்டமும் இருக்கும் நாளில் அங்கே காற்றில் இருக்கும் ஈரம் சேலத்தைவிட அதிகம்தான். ஆனால் காற்றின் ஈரம் மட்டும் பூஞ்சைக்குப் போதாது. வியர்வை சுரக்க வேண்டும், சுரந்த வியர்வை காயாமல் தோலிலேயே நிற்க வேண்டும். ஏற்காட்டுக் குளிரில் வியர்வையே குறைவு. சித்திரையில் சேலத்தில் வியர்வை கொட்டுகிறது, ஆனால் காற்று வறண்டிருப்பதால் சட்டையில் உப்புக்கோடு விட்டுவிட்டுக் காய்ந்துவிடுகிறது. ஆடிக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டதும்தான் இரண்டும் சேருகின்றன: வெயிலின் புழுக்கமும் போகவில்லை, காற்றும் வியர்வையை வாங்கிக்கொள்வதில்லை. போதாததற்கு, நூல் அறுந்து போகாமல் இருக்கத் தறிப் பட்டறைக்குள் ஈரம் வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். எட்டு, பத்து மணி நேரம் பனியன் முதுகோடு ஒட்டியபடி நிற்கிறீர்கள். உங்கள் முதுகின் மேல் இருப்பது சேலத்து வானிலைகூட இல்லை, அதைவிடப் புழுக்கமான ஒரு தனி வானிலை.

அண்ணனுக்கு வரவே வராது என்று நினைக்க வேண்டாம். எஸ்டேட்டில் காலையில் போட்ட ஸ்வெட்டரையும் அதன் மேல் மழைக்கோட்டையும் கழற்றாமல் நாள் முழுக்கச் சுமை தூக்குகிறவர்கள் தோள்பட்டை நடுவில் தேமலோடு வருவதைப் பார்த்திருக்கிறேன். அதே சமயம், ஒரே பட்டறையில் பத்துப் பேர் ஒரே மாதிரி வியர்த்தாலும் இரண்டு மூன்று பேருக்குத்தான் வரும். அது அவரவர் தோலின் வாகு. குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். உங்கள் துண்டை இன்னொருவர் உபயோகித்ததால் அவருக்கு வந்துவிடாது, கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கும் ஒட்டாது.

மாசி, பங்குனியில் மங்குவதற்கு மருந்து மட்டும் காரணமல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பனி விலகி வறண்ட காற்று வந்தால் பூஞ்சை தானாகவே கொஞ்சம் அடங்கும். அந்த நேரத்தில் எதைப் பூசியிருந்தாலும் அதற்குப் பேர் கிடைத்துவிடும். எலுமிச்சைச் சாறு, பூண்டு, சீமையகத்தி இலை என்று எல்லாவற்றுக்கும் நம் ஊரில் சாட்சி சொல்ல ஆள் இருப்பது இதனால்தான். சீமையகத்திக்குப் பூஞ்சையை அடக்கும் குணம் கொஞ்சம் இருப்பது உண்மை. எலுமிச்சையை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்து கருத்துப் போகும். தேமல் போனாலும் அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் போகாது.

நிறத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான். பூஞ்சை நம் தோல் எண்ணெயைத் தின்று அசலாயிக் அமிலம் என்ற ஒன்றை உண்டாக்குகிறது. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் உற்பத்தியை அது தடுத்துவிடும். வெளுத்த தேமலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் இது. (முகத்தில் கரும்புள்ளி மங்குவதற்கு என்று கடையில் விற்கும் சில கிரீம்களில் இருப்பதும் இதே அமிலம்தான்.) சுற்றியுள்ள தோல் வெயிலில் கறுக்கக் கறுக்க, கறுக்க முடியாத அந்த இடம் இன்னும் பளிச்சென்று தெரியும். சில இடங்களில் நேர்மாறாக, லேசான அழற்சியால் நிறத் துகள்கள் பெருத்துப் பழுப்பாகிவிடும். ஒரே ஆளிடம் நெஞ்சில் வெளுப்பும் தோளில் பழுப்பும் இருப்பது இரண்டு வியாதி அல்ல. லத்தீனில் இதன் பெயரிலேயே 'நிறம் மாறுவது' என்ற பொருள் உண்டு.

ஆகவே நிறத்தைப் பார்த்து 'இருக்கிறது, போய்விட்டது' என்று முடிவு செய்யக் கூடாது. பூஞ்சை செத்த பிறகும் வெளுப்பு இரண்டு மாதம், நான்கு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் நிற்கும். நிறம் செய்யும் செல்கள் மறுபடி வேலையைத் தொடங்கி, புதிய தோல் மேலே வந்து சேர வேண்டுமே. அப்படியானால் எதைப் பார்ப்பது? மாவைப் பார்க்க வேண்டும்.

குளிப்பதற்கு முன்னால், தோல் காய்ந்திருக்கும்போது, ஒரு தேமலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். சும்மா பார்த்தால் வழவழப்பாகத் தெரிகிற இடத்திலிருந்து சலித்த தவிடு மாதிரி நைசாகப் பொடி கிளம்பினால் பூஞ்சை உயிரோடு இருக்கிறது. பக்கத்தில் நல்ல தோலைச் சுரண்டினால் அப்படி வராது. 1853-ல் ரோபின் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தப் பூஞ்சைக்குப் பெயர் வைக்கும்போது 'ஃபுர்ஃபுர்' என்று வைத்தார். லத்தீனில் அதற்குத் தவிடு என்றே அர்த்தம். வெளுப்பு இருந்து, சுரண்டினால் பொடி வரவில்லை என்றால் அது பழைய தடம் மட்டும்தான். அதன் மேல் எவ்வளவு மருந்து போட்டாலும் நிறம் சீக்கிரம் வந்துவிடாது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் வந்த ஒருவர் கதையைச் சொன்னால் மீதி புரியும். சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் 22 வயதுப் பையன். பற்றவைக்கும்போது தீ ஆடும் என்று ஃபேன் போட மாட்டார்கள், அடுப்பு மாதிரி இருக்கும் அறையில் வெறும் பனியனோடு உட்கார்ந்திருப்பான். புரட்டாசியில் வந்தான். நெஞ்சு, முதுகு, புஜம் வரை வெளுத்த வட்டங்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து வரைபடம் மாதிரி ஆகியிருந்தன. அதற்கு முன் ஒரு மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கொடுத்த ட்யூபை ஆறு வாரம் தடவியிருக்கிறான். வாங்கிப் பார்த்தால் பூஞ்சை மருந்தோடு கடுமையான ஸ்டீராய்டும் கலந்தது. முதல் வாரம் அரிப்பு நின்றது, நல்ல மருந்து என்று நினைத்துவிட்டான். பிறகு தேமல் பரவியது, அக்குள் ஓரத்தில் தோல் மெலிந்து கோடு கோடாக வரி விழுந்தது. தேமல் போகும். அந்த வரி போகாது.

விளக்கை அணைத்துவிட்டு ஊட்ஸ் விளக்கை முதுகில் காட்டினேன். அது ஒரு வகைப் புற ஊதா விளக்கு. தேமல் இருந்த இடங்கள் மங்கிய பொன் மஞ்சளாக மின்னின. எல்லோருக்கும் இப்படி மின்னாது, ஆனால் மின்னினால் ஒன்று தெளிவாகத் தெரியும்: கண்ணுக்கு நல்ல தோலாகத் தெரிந்த இடுப்புப் பக்கமும் மின்னியது. ட்யூபை வட்டத்தின் மேல் மட்டும் பொட்டு வைத்த மாதிரி தடவினால் ஏன் போவதில்லை என்று அவனுக்கு அப்போது புரிந்தது. கண்ணாடியில் பார்க்கச் சொல்லிக் காட்டினேன்.

மாத்திரை கொடுக்கவில்லை. கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு எழுதினேன். தலைக்குப் போடும் அதே ஷாம்புதான். இரவு குளிக்கும்போது உடம்பை நனைத்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை, புஜம் உட்பட, தேமல் இருக்கிறதோ இல்லையோ எல்லா இடத்திலும் நுரைக்கப் பூசி, 5 நிமிடம் அப்படியே விட்டுக் கழுவ வேண்டும். அடுத்தடுத்து மூன்று நாள். முதுகுக்கு ஒரு கை உதவி வேண்டும், அது அம்மா. நிறையப் பேர் தவறு செய்வது அந்த 5 நிமிடத்தில்தான். சோப்பு மாதிரி பூசியதும் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள், மருந்து வேலை செய்ய நேரமே இருக்காது.

இதற்கு மாற்றாக செலினியம் சல்ஃபைடு 2.5 சதவீத லோஷனும் உண்டு. 10 நிமிடம் வைத்துக் கழுவ வேண்டும், ஏழு நாள். நன்றாகவே கேட்கும், விலையும் அதிகமில்லை, கொஞ்சம் நாற்றம் அடிக்கும். அவனுக்கு நான் அதை எழுதாததற்குக் காரணம் வேறு. அதிலிருக்கும் கந்தகமும் செலினியமும் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். வெள்ளி வேலை செய்கிற பையன், இடுப்பில் வெள்ளி அரைஞாண் கொடி. நீங்கள் அந்த லோஷனை உபயோகிப்பதாக இருந்தால் கொடி, மோதிரம், செயின் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் பூசுங்கள்.

இரண்டு வாரம் கழித்து வந்தான். முகம் வாடியிருந்தது. "அப்படியேதான் இருக்கு சார்" என்றான். நகத்தால் சுரண்டினேன், பொடி இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தேன், சேமியாவும் இல்லை. வேலை முடிந்துவிட்டது, இனி நிறம் வர வேண்டியதுதான் என்று அனுப்பினேன். மார்கழியில் பாதி தெரியவில்லை, மாசியில் தேடினால்தான் தெரிந்தது.

ஆனால் அங்கேயே விட்டிருந்தால் அடுத்த ஆவணியில் திரும்பியிருப்பான். பாடநூல்கள் சொல்லும் கணக்கு, நன்றாக மருத்துவம் செய்துகொண்டவர்களிலும் முதல் வருடத்துக்குள் நூற்றுக்கு 60 பேருக்கும் இரண்டு வருடத்துக்குள் 80 பேருக்கும் திரும்ப வரும் என்பது. மருந்து தோற்றதாக இதற்கு அர்த்தமில்லை. மயிர்க்காலுக்குள் இருக்கும் உருண்டைகளை முழுதாக ஒழிக்க முடியாது. புழுக்கம் வந்ததும் அவை மறுபடி நூல் விடும். அதனால் நூல் விடும் காலத்துக்கு முன்பே தட்டி வைக்க வேண்டும். அவனுக்குச் சொன்னது: வைகாசி கடைசியிலிருந்து கார்த்திகை வரை, மாதம் ஒரு நாள், அதே ஷாம்பு, அதே 5 நிமிடம். மாதச் சம்பளம் வாங்கும் நாள் என்று வைத்துக்கொண்டான். ஆவணி தாண்டியது, ஒன்றும் இல்லை. புரட்டாசியிலும் ஐப்பசியிலும் தீபாவளி வேலை நெருக்கடியில் விட்டுவிட்டான். கழுத்துக்குக் கீழே சட்டைக் காலர் படும் இடத்தில் நான்கைந்து சிறு வட்டம், சுரண்டினால் தவிடு. இந்த முறை என்னிடம் வராமலே மூன்று நாள் ஷாம்பு போட்டு, அதோடு முடிந்தது. நிறம் பெரிதாகக் கெடுவதற்கு முன்பே பிடித்துவிட்டதால் தடமும் அதிகம் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியதும் இதேதான். மூன்று வருடமாக வந்து போவதாகச் சொல்கிறீர்கள், உடம்பில் பரப்பும் அதிகம் என்றால் டாக்டர் மாத்திரையும் எழுதலாம். பெரும்பாலும் ஃப்ளூகோனசோல் 300 மில்லிகிராம், வாரம் ஒரு தடவை, இரண்டு வாரம். கல்லீரல் தொந்தரவு இருந்தாலோ வேறு மாத்திரை தினமும் சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படர்தாமரைக்கு வாங்கி வீட்டில் மீந்த டெர்பினாஃபின் மாத்திரையையோ கிரீசியோஃபல்வினையோ எடுத்து விழுங்காதீர்கள். வாய்வழி சாப்பிட்டால் இரண்டுமே இந்தப் பூஞ்சையிடம் எடுபடாது. தேமலும் படையும் ஒன்று என்று நினைப்பதால் வரும் வீண் செலவு அது.

இனி எண்ணெய்க் குளியல். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து, அரப்புப் போட்டுக் குளிப்பதை நிறுத்தச் சொன்னால் உங்கள் அம்மா என்னைத் திட்டுவார்கள். நிறுத்த வேண்டாம். தலையோடு வையுங்கள், ஆடி முதல் கார்த்திகை வரை நெஞ்சிலும் முதுகிலும் தேய்க்காதீர்கள். அந்தப் பூஞ்சைக்கு ஆலிவ் எண்ணெய் ஊற்றி வளர்க்கிறார்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா? முதுகில் தேய்த்த எண்ணெயின் மிச்சம் அதற்கு நாம் போடும் விருந்து. பட்டறைக்கு இரண்டு பனியன் எடுத்துப் போங்கள், சாப்பாட்டு நேரத்தில் முதுகைத் துடைத்துவிட்டு மாற்றுங்கள். நைலான் வேண்டாம், பருத்தியாக இருக்கட்டும். வேலை முடிந்ததும் அப்படியே படுக்காமல் ஒரு குளியல்.

தேமல்தானா என்பதில் சந்தேகம் வர வேண்டிய இடங்கள் இரண்டு. பால் மாதிரி சுத்த வெள்ளை, சுரண்டினால் பொடியே இல்லை, விளிம்பு கத்தரித்தாற்போல் என்றால் வெண்புள்ளியாக இருக்கலாம். வெளிறிய படை ஒன்றிரண்டுதான் இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு பஞ்சால் தொட்டால் அங்கே மட்டும் உணர்ச்சி குறைவு, அங்கே வியர்ப்பதும் இல்லை என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போங்கள். அது தொழுநோயாக இருக்கலாம். மாத்திரை இலவசம், ஆரம்பத்திலேயே பிடித்தால் முழுதாகக் குணமாகும். உங்களுக்கு நெஞ்சிலும் முதுகிலும் பரவலாக வந்து, பருவத்துக்குப் பருவம் போய் வருவதால் அந்தப் பயம் எனக்கு இல்லை. ஆனாலும் பஞ்சை எடுத்து ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

கல்யாணத்துக்கு வருகிறேன். இப்போது புரட்டாசி. இந்த வாரமே ஆரம்பித்தால் ஐப்பசிக்குள் பொடி நின்றுவிடும். தைக்குள் நிறம் பெரும்பகுதி திரும்பும். நெஞ்சில் அங்கங்கே லேசான தடம் மிச்சம் இருக்கலாம், அது சட்டைக்குள். பெண் வீட்டாரிடம் யாராவது கேட்டால் தேமல் என்றே சொல்லுங்கள், மறைத்தால்தான் வேறு பேர் வைப்பார்கள். நலங்கு அன்று உடம்பெல்லாம் எண்ணெயும் மஞ்சளும் பூசுவார்களே என்று கவலை வேண்டாம். ஒரு நாள் எண்ணெய் ஒன்றும் செய்யாது. மார்கழிக் கடைசியில் ஒரு தடவை ஷாம்பு போட்டுவிடுங்கள். நலங்கு முடிந்த அன்று ராத்திரியே சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிடுங்கள்.